‘கணக்கில் கெட்டி’ என்று எழுதினால் போதுமா? வங்கி எழுத்தர் வேலைக்கு ஒரு விண்ணப்பக் கடிதம்



நம்ம வகுப்பு நண்பன் ஒருத்தன், திருத்தங்கல் பையன், போன மாதம் ஒரு தனியார் வங்கிக்கு எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தான். தன்விவரக் குறிப்போடு ஒரு கடிதமும் கேட்டிருந்தார்கள். எழுதி முடித்து, “மச்சி, ஒரு தடவை பார்த்துச் சொல்லுடா”ன்னு எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தான். கடிதத்தின் நடுப்பகுதி இதுதான்:

“நான் கணிதத்தில் மிகுந்த திறமை உடையவன். பணத்தைக் கையாள்வதில் நேர்மையும் கவனமும் கொண்டவன். வாடிக்கையாளர்களிடம் இனிமையாகப் பழகுவேன். வாய்ப்பளித்தால் வங்கியின் வளர்ச்சிக்கு முழு மனதுடன் உழைப்பேன்.”

எழுத்துப்பிழை இல்லை. “சூப்பர், அனுப்பிடு”ன்னு சொல்லிட்டேன். பக்கத்தில் எங்க அத்தை உட்கார்ந்திருந்தார். விருதுநகர் பக்கம் ஒரு வங்கியில் பல வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த நாலு வரியில எந்த வரியை நான் கேள்வி கேட்டு சரிபார்க்க முடியும் தம்பி?”

இரண்டு பேரும் முழித்தோம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். அந்தக் கடிதம் எப்படித் திருத்தப்பட்டது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு: கடிதம் எங்கே தேவை?

அரசு வங்கிகளுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில் முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம் தாண்ட வேண்டும். எழுத்தர் பணிக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. முதல்நிலைத் தேர்வில் கணக்குப் பகுதி 35 கேள்விகள், 20 நிமிடம். அங்கே அளக்கப்படுவது வேகம்.

தனியார் வங்கிகள், நகரக் கூட்டுறவு வங்கிகள், நகைக்கடன் நிறுவனங்கள் மாதிரி இடங்களில் நிலைமை வேறு. பல நேரம் விண்ணப்பத்தோடு கடிதமும், பிறகு நேர்முகமும் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தேடுவது வேகத்தை இல்லை. ‘இவன் கையில் கல்லாச் சாவியைக் கொடுத்தால் ராத்திரி நிம்மதியாத் தூங்க முடியுமா?’ என்பதுதான் அவர் கவலை. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்பதால், நம்ம பி.இ. பட்டம் தனியாக எதையும் நிரூபிக்காது. கடிதம்தான் நிரூபிக்க வேண்டும்.

நண்பனிடம் அத்தை அடுத்துக் கேட்டது: “இதுவரைக்கும் அடுத்தவங்க காசை நீ எண்ணியிருக்கியா?”

எண்ணியிருக்கிறான். சிவகாசிப் பக்கம் வளர்ந்த நம்மில் பாதிப் பேர் எண்ணியிருப்போம். தீபாவளிக்கு முன்னால் சொந்தக்காரர் பட்டாசுக் கடையில் போய் நிற்பது இந்த ஊரில் எழுதப்படாத சட்டம். இவனும் இரண்டு தீபாவளிப் பருவங்களில், மொத்தம் 31 நாள், ஒரு கடையின் கல்லாவில் இருந்திருக்கிறான். அதைக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. “அது சும்மா வீட்டு வேலைதானே அத்தை” என்றான்.

“அதுதாம்ப்பா உன் அனுபவம். அதைச் சொல்லு.”

கணக்கு: 360 ரூபாய் எங்கே போச்சு?

நம்ம ஊர் பட்டாசு விலைப்பட்டியல் உங்களுக்குத் தெரியும். பட்டியல் விலை ஒன்று, அதில் 80 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருக்கும். 5,750 ரூபாய்ப் பட்டியல் விலைக்கு வாங்கினால், கட்ட வேண்டியது ஐந்தில் ஒரு பங்கு. பத்தால் வகுத்து 575, இரண்டால் பெருக்கி 1,150. இதை மனசிலேயே போடுவது நண்பனுக்குப் பழக்கம். ஆனால் இதை மட்டும் எழுதினால் யாரும் மயங்க மாட்டார்கள்; கால்குலேட்டரும் இதைச் செய்யும்.

அவன் சொன்ன இன்னொரு கதையைக் கேட்டதும்தான் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நாள் இரவு கல்லா ஒத்துவரவில்லை. கணக்கைப் பாருங்கள். (360 என்ற வித்தியாசமும் 1,150 ரூபாய் பில்லும் அசல். மற்ற தொகைகளை நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.)

காலையில் கல்லாவில் வைத்த சில்லறை 5,000 ரூபாய். பேரேட்டின்படி அன்றைய ரொக்க விற்பனை 86,340. சுமைக்கூலி, சாப்பாடு என்று கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது 1,250. அப்படியானால் இரவில் இருக்க வேண்டியது:

5,000 + 86,340 − 1,250 = 90,090

எண்ணிப் பார்த்ததில் இருந்தது:

500 × 151 = 75,500
200 × 38 = 7,600
100 × 52 = 5,200
50 × 21 = 1,050
20 × 9 = 180
10 × 20 = 200
மொத்தம் = 89,730

360 ரூபாய் குறைகிறது. மறுபடி எண்ணினான். அதே 89,730. அப்படியென்றால் எண்ணியதில் தவறில்லை. தவறு நடந்தது ஒன்று பணம் கைமாறியபோது, இல்லாவிட்டால் பேரேட்டில் எழுதியபோது.

கடையில் வயதான கணக்குப்பிள்ளைத் தாத்தா ஒருவர் இருந்தார். “ஒம்பதால வகுத்துப் பாருடா” என்றார். 360-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதியில்லாமல் 40. “அப்ப, நம்பரை மாத்தி எழுதிருக்கியான்னு பாரு.”

இது ஏன் வேலை செய்கிறது என்று பொறியியல் படிக்கிற நமக்கு ஒரே வரியில் புரியும். ஒரு எண்ணின் நூறாம் இடத்தில் a, பத்தாம் இடத்தில் b இருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம்:

(100a + 10b) − (100b + 10a) = 90(a − b)

அதாவது எப்போதுமே 90-இன் மடங்கு. பத்தாம் இடமும் ஒன்றாம் இடமும் மாறினால் 9-இன் மடங்கு. அது 81-க்கு மேல் போகாது. ஆயிரமும் நூறும் மாறினால் 900-இன் மடங்கு. எனவே ஒரே இடமாற்றத்தால் 360 வந்திருந்தால், அது நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவில்தான் நடந்திருக்க வேண்டும். அதுவும் a − b = 4 என்று இருக்க வேண்டும்.

அதனால் அத்தனை பில்லையும் முதலிலிருந்து கூட்ட வேண்டியதில்லை. பணம் குறைகிறது என்றால் பேரேட்டில் அதிகமாக எழுதியிருக்கிறோம். நூறாம் இடம் பத்தாம் இடத்தைவிட நான்கு கூடுதலாக உள்ள வரிகளை மட்டும் பார்த்தால் போதும். அப்படி ஏழெட்டு வரிகள்தான் இருந்தன. அதில் ஒன்று 1,510. பில் புத்தகத்தின் கார்பன் பிரதியில் அது 1,150. நான் மேலே சொன்ன அதே பில்! திருத்தியதும் கணக்கு ஒத்துப்போனது.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பதால் வகுபட்டால் எழுத்துப்பிழைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 20 ரூபாய்த் தாள் கொடுக்க வேண்டிய இடத்தில் 200 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டாலும் வித்தியாசம் 180. அதுவும் ஒன்பதின் மடங்குதான். 40-ஐ 400 என்று ஒரு சுழி கூட்டி எழுதினாலும் 360 வரும். ஆக, ஒன்பது என்பது எங்கே தேட ஆரம்பிக்கலாம் என்று கை காட்டும். பில்லைப் பார்த்து உறுதி செய்தால்தான் அது விடை.

ரொக்கம்: கண்டுபிடிக்க முடியாத நூறு ரூபாய்

31 இரவுகளில் 29 இரவு கல்லா சரியாக இருந்தது. ஒரு இரவு மேலே சொன்ன 360. இன்னொரு இரவு 100 ரூபாய் குறைந்தது. ஒன்பதால் வகுபடவில்லை. பில்களை எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது, பேரேட்டில் பிழை இல்லை. அனேகமாக யாருக்கோ மீதி கொடுக்கும்போது ஒரு நூறு ரூபாய்த் தாள் கூடுதலாகப் போயிருக்கும். வாங்கினவர் எந்த ஊரோ. கண்டுபிடிக்க வழியில்லை.

நண்பன் அன்று இரவே கடைக்காரரிடம் சொன்னான். பேரேட்டில் ‘₹100 குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவர் சிரித்துக்கொண்டே “சரி விடு” என்றார்.

இப்போது கேள்வி. இதைக் கடிதத்தில் எழுதலாமா? நான் கூடாது என்றேன். வேலை கேட்டுப் போகிற கடிதத்தில் ‘பணம் குறைந்தது’ என்று யாராவது எழுதுவார்களா? நண்பனும் தயங்கினான்.

அத்தை எழுதச் சொன்னார். “முப்பது வருஷம் கல்லாவுல இருந்தவ சொல்றேன். ஒரு நாள்கூட வித்தியாசம் வந்ததில்லைன்னு ஒருத்தன் சொன்னா, ஒண்ணு அவன் காசு எண்ணினதில்லை, இல்லாட்டி வந்ததை மறைச்சிருக்கான்.”

வங்கியில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. நாள் முடிவில் பணம் குறைந்தால், அன்றே மேலதிகாரியிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பொதுவாகக் காசாளர்தான் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும். பணம் கூடினாலும் அதேதான். கூடுதல் தொகையைத் தனிக் கணக்கில் வைப்பார்கள். உரியவர் வந்து நிரூபித்தால் திருப்பித் தருவார்கள். நேற்று கூடியதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, இன்று குறைவதை அதிலிருந்து சரிக்கட்டுவது சின்ன விஷயமாகத் தெரியும். வங்கியில் அது வேலையே போகிற குற்றம். ஏனென்றால் அப்புறம் எந்த நாள் கணக்கையும் நம்ப முடியாது.

அதனால் ‘பணத்தைக் கையாள்வதில் நேர்மையானவன்’ என்ற வரியை அடித்துவிட்டு, 29 நாளையும் இரண்டு நாளையும் எழுதினோம். நேர்மை என்ற சொல்லே கடிதத்தில் இல்லை.

மரியாதை: 500-ஆ, 200-ஆ?

‘இனிமையாகப் பழகுவேன்’ என்பதையும் இதே மாதிரிதான் சோதித்தோம். யாராவது கோபமாக வந்தபோது என்ன செய்தாய்?

முதல் வருடம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. கடையில் கூட்டம். ஒரு பெரியவர் 150 ரூபாய்க்கு மத்தாப்பும் சாட்டையும் வாங்கினார். நண்பன் தாளை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு 50 ரூபாய் மீதி கொடுத்தான். “தம்பி, நான் ஐநூறுல்ல கொடுத்தேன்?” என்றார். இவனுக்கு 200 என்றுதான் ஞாபகம். பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது.

இந்த இடத்தில் ‘இல்லைங்கய்யா, 200-தான் கொடுத்தீங்க’ என்று சொன்னால் அது சண்டை. விசாரிக்காமல் 300 ரூபாயை எடுத்துக் கொடுத்தால், அது கடைக்காரரின் காசை எடுத்துத் தானம் செய்வது. நண்பன் மூன்றாவதாக ஒன்று செய்தான். “ஐயா, கொஞ்சம் உட்காருங்க. கல்லாவை இப்பவே எண்ணிப் பார்த்துடுறேன். உங்க காசு இருந்தா கட்டாயம் கொடுத்துடுவேன்” என்று சொல்லி நாற்காலி போட்டான். வரிசையைப் பக்கத்து மேசைக்கு அனுப்பச் சொன்னான். அதுவரைக்குமான பில்களைக் கூட்டி, கல்லாவை எண்ணினான். பத்து நிமிடம் ஆனது. சரியாக 300 ரூபாய் கூடுதலாக இருந்தது. 500 ரூபாய்க்கு 350 மீதி கொடுக்க வேண்டியவன் 50 கொடுத்திருக்கிறான். விட்டுப்போனது அந்த 300. பெரியவர் சொன்னதுதான் சரி. மன்னிப்புக் கேட்டு 300 ரூபாயைக் கொடுத்தான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வாங்குகிற தாளைக் கல்லாவில் போடுவதில்லை. மேசைமேல் இருவர் கண்ணிலும் படும்படி வைத்து, “ஐநூறு ரூபாய்ங்கய்யா” என்று சொல்லிவிட்டு, மீதியை எண்ணிக் கொடுத்து, அவர் சரி என்ற பிறகே தாளை உள்ளே போடுவான். இந்தத் தகராறு மறுபடி வரவில்லை.

அத்தைக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். வங்கியிலும் இதே வேலைதான். பணம் கட்ட வருபவரின் சலானில் எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எத்தனை 500, எத்தனை 200 என்று அவர் எழுதிய விவரத்தோடு கையில் உள்ள தாள்களை ஒப்பிட வேண்டும். அது முடியும்வரை வாடிக்கையாளர் முன்னாலேயே நிற்க வேண்டும், பணமும் அவர் பார்வையில் இருக்க வேண்டும். எண்ணும் இயந்திரம் தாள்களை எண்ணித் தரும். சலானில் தவறு இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அம்மாவிடம் அதை நாலு பேர் காதில் விழாமல் சொல்லித் திருத்த வேண்டியது நீங்கள்.

எழுதக் கூடாதது

புதுக் கடிதத்தின் முதல் வரைவில் நண்பன் ஆர்வத்தில் கடையின் பெயர், ஒரு நாள் விற்பனை எல்லாவற்றையும் எழுதிவிட்டான். அத்தை பேனாவால் கோடு போட்டார்.

“கடைக்காரர் எவ்வளவுக்கு விக்கிறார்ங்கிறது அவர் ரகசியம். அதை என்கிட்ட சொல்ற நீ, நாளைக்கு எங்க வாடிக்கையாளர் கணக்கை யார்கிட்ட சொல்லுவே?”

வாடிக்கையாளர் கணக்கு விவரத்தை வெளியில் சொல்லாமல் காப்பது வங்கியின் கடமை. கடிதமே அதை மீறினால் மற்ற வரிகள் எல்லாம் வீண். வித்தியாசத் தொகையைச் சொல்லலாம். மொத்தத் தொகையைச் சொல்லக் கூடாது. நான் மேலே தொகைகளை மாற்றியதும் இதனால்தான். நேர்முகத்தில் விசாரிக்க ஆள் கேட்டால், கடைக்காரரின் அனுமதியோடு அவர் எண்ணைக் கொடுத்துக்கொள்ளலாம்.

திருத்திய கடிதம்

அறிவிப்பில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். வெற்று வரி உடனே கண்ணில் படும்.

அனுப்புநர்:
(பெயர், முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்:
(அறிவிப்பில் உள்ள அலுவலரின் பதவி, வங்கி, முகவரி)

பொருள்: எழுத்தர் பணிக்கான விண்ணப்பம் – (அறிவிப்பு எண், நாள்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் வங்கியின் எழுத்தர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியல் இறுதியாண்டு மாணவன். சொந்த ஊர் திருத்தங்கல்.

கடந்த இரண்டு தீபாவளிப் பருவங்களில் மொத்தம் 31 நாட்கள் சிவகாசியில் ஒரு பட்டாசு விற்பனைக் கடையில் ரொக்கம் வாங்கும் பொறுப்பில் இருந்தேன். ஒவ்வொரு இரவும் பில், பேரேடு, கல்லா மூன்றையும் ஒப்பிட்டுக் கணக்கை முடிப்பது என் வேலை. 29 இரவுகளில் கணக்கு ஒத்திருந்தது. ஒரு நாள் 360 ரூபாய் குறைந்தது; வித்தியாசம் ஒன்பதின் மடங்காக இருந்ததால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடி, 1,150 என்ற பில் 1,510 என்று பதிவானதை அன்றிரவே கண்டுபிடித்துத் திருத்தினேன். இன்னொரு நாள் குறைந்த 100 ரூபாய்க்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை அன்றே உரிமையாளரிடம் தெரிவித்து, பேரேட்டில் குறைவு என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

வாடிக்கையாளர் ஒருவர் தாம் 500 ரூபாய் கொடுத்ததாகவும் நான் 200 என்று எடுத்துக்கொண்டதாகவும் சொன்னபோது, அவரை அமரச் செய்து, கல்லாவை உடனே எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரியாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு 300 ரூபாயைக் கொடுத்தேன். அதன்பின், வாங்கும் தாளைத் தொகை சொல்லி மேசைமேல் வைத்து, மீதியைக் கொடுத்து முடித்த பிறகே உள்ளே வைக்கிறேன்.

தமிழும் ஆங்கிலமும் எழுதப் பேசத் தெரியும். கல்விச் சான்றுகளின் நகல்களையும் தன்விவரக் குறிப்பையும் இணைத்துள்ளேன். நேர்முகத்துக்கு அழைத்தால் விவரங்களை நேரில் விளக்கத் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், நாள், இடம்)

ஒரே பக்கம்தான். ‘திறமை’, ‘நேர்மை’, ‘இனிமை’, ‘கடின உழைப்பு’ எதுவும் இல்லை. ஆனால் கணக்குப் பத்தியிலும் வாடிக்கையாளர் பத்தியிலும் எந்த வரியை வேண்டுமானாலும் கேள்வி கேட்டுச் சரிபார்க்கலாம்.

இதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். 360 ரூபாய் உங்களுடையது இல்லை என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். கல்லாவில் உட்காராதவர்களும் உண்டு. சிம்போசியத்துக்கு நுழைவுக் கட்டணம் வசூலித்திருப்பீர்கள், விடுதி உணவுக் கணக்கு பார்த்திருப்பீர்கள், அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுப் பேரேட்டை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அங்கே எத்தனை நாள், எத்தனை முறை கணக்கு ஒத்தது, ஒத்துவராத நாளில் என்ன செய்தீர்கள், இந்த மூன்றும் இருந்தால் பத்தி தயார்.

அப்புறம் என்ன ஆச்சு?

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. போவதற்கு முன் அத்தை ஒரு கேள்விக்குத் தயார் செய்தார்: கள்ளநோட்டு வந்தால்? கடையில் ‘வேற தாள் கொடுங்க’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். வங்கியில் அப்படித் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதில் கள்ளநோட்டு என்று முத்திரை குத்தி, பறிமுதல் செய்து, கொண்டுவந்தவருக்கு ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும். அவர் அதில் கையெழுத்துப் போட மறுத்தாலும் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். அந்தத் தாளுக்குப் பணம் கிடையாது. பெரும்பாலும் அவருக்கே அது தெரியாமல் வந்திருக்கும். அதனால் விதியைச் சொல்லும்போது அவரைத் திருடன் மாதிரிப் பார்க்கக் கூடாது.

அந்தக் கேள்வி வரவே இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி:

“நூறு ரூபாய்தானே தம்பி. உங்க பையிலிருந்து போட்டுச் சரி பண்ணியிருக்கலாமே? ஏன் எழுதி வச்சீங்க?”

நண்பன் சொன்னான்: “போட்டிருந்தா அன்னிக்குக் கணக்கு சரியாத் தெரிஞ்சிருக்கும் சார். ஆனா தப்பு நடந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மறுநாள் யாராவது நூறு ரூபாய் கூடுதலா வாங்கிட்டேன்னு திருப்பிக் கொடுக்க வந்தா, பேரேட்டுல அதுக்கு இடமே இருக்காது.”

அவர் கடிதத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாராம். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு இருபது நிமிடம் நடந்திருக்கிறது, முழுக்க அந்த நூறு ரூபாயையும் பெரியவரின் ஐநூறையும் சுற்றியே. பழைய கடிதத்தின் நாலு வரியை வைத்து என்ன கேட்டிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.